அங்கே ‘Paid’, இங்கே ‘வரவில்லை’: வெளிநாட்டுப் பணம் நடுவழியில் நின்றால் தேடும் முறை

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு குறிஞ்சிப்பாடியிலிருந்து என் சித்தி மகள் போன் செய்தாள். “அண்ணா, அவரு வியாழக்கிழமையே குவைத்துல பணம் கட்டிட்டாரு. ஆப்ல பச்சையா ‘Paid’னு காட்டுது. நேத்து கடலூர் போயி பேங்க்ல கேட்டா ஒண்ணும் வரலைங்கறாங்க. நாப்பத்தஞ்சாயிரம் ரூபா. பணம் எங்கதான் இருக்கு?”

வங்கிக் கவுண்டரின் அந்தப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லை. பெரும்பாலும் இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். குவைத்தில் இருக்கும் அவள் கணவர் தம் பாதி வழியைப் பற்றிச் சொல்கிறார், கடலூர் கிளை தன் பாதி வழியைப் பற்றிச் சொல்கிறது. பணம் நிற்பது நடுவில். அந்த நடு எது, அங்கே எப்படித் தேடுவது என்பதை அவள் கதையை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

பணம் வண்டி மாறி வருகிறது

வளைகுடாவில் இருக்கும் எக்ஸ்சேஞ்ச் கடைகள் இந்தியாவில் ஏதாவது ஒரு வங்கியில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி உண்டு. மாப்பிள்ளை அங்கே தினாரைக் கட்டுகிறார். அந்தத் தினார் கப்பல் ஏறி வருவதில்லை. ‘இந்தக் கணக்குக்கு 45,000 ரூபாய் போடுங்கள்’ என்று கடையிலிருந்து இங்கே உள்ள கூட்டாளி வங்கிக்குத் தகவல் மட்டும் வருகிறது. அந்த வங்கி, கடையின் ரூபாய்க் கணக்கிலிருந்து எடுத்து, நெஃப்ட் அல்லது ஐஎம்பிஎஸ் வழியாக நம் வங்கிக்கு அனுப்புகிறது. அதாவது கடைசிப் பயணம் முழுக்க உள்நாட்டுப் பயணம்தான்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து புதுச்சேரி போகிறவர் கடலூரில் இறங்கி வேறு பஸ் ஏறுவதைப் போலத்தான். முதல் பஸ் டிக்கெட்டை இரண்டாவது பஸ் கண்டக்டரிடம் காட்டினால் அவர் என்ன செய்வார்? எக்ஸ்சேஞ்ச் ரசீதில் இருக்கும் எண் முதல் பஸ் டிக்கெட். அதை நம் கிளையில் கொடுத்தால் கம்ப்யூட்டரில் ஒன்றும் வராது. ‘வரவில்லை’ என்ற பதிலில் பாதி இப்படிப் பிறப்பதுதான்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

முதலில் பாஸ்புக்கில் வரவு போட்டுப் பாருங்கள், அல்லது ஆப்பில் கணக்கு விவரத்தைத் திறந்து, பணம் கட்டிய நாளிலிருந்து வரிவரியாகப் படியுங்கள். குறுஞ்செய்தியை நம்ப வேண்டாம். போன் நம்பரை மாற்றிவிட்டு வங்கியில் சொல்லாதவர்கள் நிறையப் பேர். பணம் வந்து, அன்றைக்கே நகைக்கடன் வட்டியோ வண்டித் தவணையோ தானாகப் பிடித்துக்கொண்டு போயிருக்கும். இருப்பை மட்டும் பார்த்தவர் ‘வரவே இல்லை’ என்று அடித்துச் சொல்வார். என் மேசைக்கு வந்தவர்களில் இப்படிச் சிலர் எப்போதும் உண்டு.

அடுத்தது ரசீது. மாப்பிள்ளையிடம் வாட்ஸ்அப்பில் முழு ரசீதையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ‘நம்பர் சரியாத்தான் போட்டேன்’ என்று வாயால் சொல்வது போதாது. பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்து, கணக்கு எண்ணை இலக்கம் இலக்கமாக, ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்க்க வேண்டும். பூஜ்யங்கள் வரிசையாக வரும் இடத்தில்தான் ஒன்று கூடும், ஒன்று குறையும். நெஃப்டில் பணம் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவாகும், பெயர் வேறாக இருந்தாலும் நிற்காது. இல்லாத எண்ணாக இருந்தால் பணம் திரும்பிவிடும். இன்னொருவரின் எண்ணாக இருந்துவிட்டால் அவர் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி நடந்தது தெரிந்தால் அன்றைக்கே இரண்டு பக்கமும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

பிறகு கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி. பதினோரு எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஆப்பில் பல வருஷத்துக்கு முன்னால் சேமித்து வைத்த விவரமாக இருந்தால் கவனம் தேவை. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்தியாவோடு சேர்ந்தது. அதே வருஷம் ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் கனராவோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. பழைய கிளைக் குறியீடுகள் மாறிவிட்டன. புதிய பாஸ்புக்கில் இருப்பதைத்தான் அனுப்ப வேண்டும்.

தங்கை விஷயத்தில் எண்ணும் சரி, குறியீடும் சரி. “போன நாலு மாசமும் இதே நம்பருக்குத்தான் வந்துச்சு அண்ணா, இப்ப மட்டும் என்ன வந்துச்சு?” என்றாள். இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பதில் இதற்குள்தான் இருந்தது.

எத்தனை நாள் பொறுக்கலாம்

நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து இரவு பகல், ஞாயிறு, பொங்கல் என்று பார்க்காமல் ஓடுகிறது. அரை மணிக்கு ஒரு தொகுப்பு. ஐஎம்பிஎஸ் உடனுக்குடன். ஆகையால் ‘இங்கே லீவு, அதனால் வரவில்லை’ என்பது இந்த வழிக்குப் பொருந்தாத காரணம். தாமதம் இருந்தால் அது முதல் பாதியில் இருக்கும். குவைத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. கடை திறந்திருந்தாலும், உள்ளே சரிபார்த்து அனுமதி கொடுக்கும் பிரிவு மூடியிருக்கலாம். வியாழன் ராத்திரி கட்டிய பணம் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அமீரகத்தில் 2022-லிருந்து சனி, ஞாயிறு விடுமுறை.

இன்னொரு தாமதமும் முதல் பாதியில்தான். அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவரின் பெயரையும் தடைப் பட்டியல்களோடு ஒப்பிடுவார்கள். பரங்கிப்பேட்டையிலோ நெல்லிக்குப்பத்திலோ ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். அந்தப் பெயர் எங்கோ ஒரு பட்டியலில் இருக்கிற யாரோ ஒருவரின் பெயரோடு ஒத்துப்போனால் பணம் நிறுத்தி வைக்கப்படும். பிறந்த தேதி, அடையாள அட்டை, என்ன உறவு என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி அனுப்பியவரின் மின்னஞ்சலுக்கோ ஆப்புக்கோ போயிருக்கும், அவர் பார்த்திருக்க மாட்டார். அப்போது திரையில் ‘Paid’ என்று இருக்காது, ‘On hold’ அல்லது ‘Under review’ என்று ஏதாவது இருக்கும். கேட்டதைக் கொடுத்துவிட்டால் நகர்ந்துவிடும்.

‘Paid’ என்று வந்து ஒரு முழு நாள் கழிந்தும் கணக்கில் இல்லை என்றால் காத்திருப்பதில் பயனில்லை. அடுத்த வேலைக்குப் போக வேண்டியதுதான்.

இரண்டாவது டிக்கெட்டை வாங்குங்கள்

அந்த வேலை, இந்திய வங்கி பணத்தை அனுப்பும்போது அதற்குப் போடும் அடையாள எண்ணான யூடிஆரைக் கேட்டு வாங்குவது. இதைக் கடையில் கேட்க அனுப்பியவருக்குத்தான் உரிமை, பெறுகிறவர் போன் செய்தால் சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளைக்கு நான் எழுதிக் கொடுத்த கேள்வி இது: “இந்தியாவில் எந்த வங்கி இந்தப் பணத்தை அனுப்பியது? நெஃப்டா, ஐஎம்பிஎஸ்ஸா? யூடிஆர் என்ன? எந்தத் தேதி, எத்தனை மணிக்கு?”

கவுண்டரில் இருப்பவர் முதலில் ரசீது எண்ணையே திரும்பச் சொல்வார். அது வேண்டாம் என்று சொல்லுங்கள். நெஃப்ட் யூடிஆர் பொதுவாக எழுத்தும் எண்ணும் கலந்து பதினாறு இடம் இருக்கும். ஐஎம்பிஎஸ் என்றால் பன்னிரண்டு இலக்கம். வந்த எண் இந்த உருவத்தில் இல்லை என்றால் அவர்கள் இன்னும் தங்கள் எண்ணைத்தான் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று சொன்னால் பணம் இன்னும் இந்திய வங்கியை விட்டுக் கிளம்பவில்லை என்று பொருள். அப்போது நம் கிளைக்குப் போவது பஸ் செலவுதான்.

மாப்பிள்ளைக்குப் புதன்கிழமை காலை பதினாறு இடத்து எண் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கே மும்பையில் ஒரு வங்கி நெஃப்டில் அனுப்பியிருக்கிறது.

கிளையில் என்ன கேட்பது

புதன்கிழமை நானும் தங்கையோடு போனேன். அவள் திங்கட்கிழமை கேட்டது, “குவைத்துலேர்ந்து பணம் வந்துச்சா சார்?” அதற்கு இருப்பைப் பார்த்து இல்லை என்றார்கள், அதில் குற்றமில்லை. இந்த முறை ஒரு தாளில் யூடிஆர், தொகை, தேதி, கணக்கு எண் நான்கையும் எழுதிக் கொடுத்து, “இந்த யூடிஆர் உள்ளே வந்து ரிட்டர்ன் ஆகியிருக்கிறதா, ஆகியிருந்தால் காரணம் என்ன?” என்று கேட்டோம். வந்த பணத்தைக் கேட்பதும் திரும்பிய பணத்தைக் கேட்பதும் வேறு வேறு திரை. திரும்பியது கணக்கு விவரத்தில் ஒரு வரியாகக்கூடத் தெரியாமல் போகலாம்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை பணம் வந்திருக்கிறது, ஏற்க முடியாமல் அன்று முற்பகலே திரும்பியிருக்கிறது. வரவு வைக்க முடியாத நெஃப்ட் பணத்தைத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது விதி, அதன்படியே செய்திருக்கிறார்கள். காரணம்: கணக்கின் ஆண்டு வரவு வரம்பு தாண்டிவிட்டது.

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்தது. “இந்தக் கணக்கை எப்படித் தொடங்கினே?” என்றேன். மார்ச் மாதம் வீட்டிலிருந்தபடியே, போனில் ஆதார் ஓடிபி போட்டுத் தொடங்கியிருக்கிறாள். கிளைக்குப் போய்க் கைரேகை வைக்கவில்லை, வீடியோ கேஒய்சியும் செய்யவில்லை. இப்படி ஓடிபியை மட்டும் வைத்துத் தொடங்கிய கணக்குக்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. இருப்பு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நிதியாண்டில் மொத்த வரவு இரண்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வருஷத்துக்குள் முழு அடையாளச் சரிபார்ப்பும் முடிந்துவிட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை நான்கு மாதமும் 45,000 வீதம் 1,80,000. ஆகஸ்ட் பணமும் சேர்ந்தால் 2,25,000. நாலு மாதம் வந்து ஐந்தாவது மாதம் நின்றதன் கதை இவ்வளவுதான். அவள் எண்ணிலும் தவறில்லை, மாப்பிள்ளை அனுப்பியதிலும் தவறில்லை.

இதேபோல ஆவணம் இல்லாமல் முகாமில் தொடங்கிய ‘சிறு கணக்கு’ என்று ஒன்று உண்டு. அதற்கு வரம்பு இன்னும் குறைவு: ஆண்டு வரவு ஒரு லட்சம், இருப்பு 50,000. முழு அடையாளம் நிரூபிக்கும் வரை வெளிநாட்டுப் பணத்தையே அதில் வரவு வைக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. அம்மா பெயரில் உள்ள பழைய கணக்குக்கு முதல் தடவை அனுப்பும் முன், “இது முழு கேஒய்சி கணக்கா?” என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. இரண்டு வருஷம் யாரும் தொடாத கணக்காக இருந்தால் அதையும் உயிர்ப்பித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

திரும்பிய பணத்தை நஷ்டமில்லாமல் மீட்பது

அப்போது அந்த 45,000 ரூபாய் எங்கே இருந்தது? மும்பை வங்கியில், எக்ஸ்சேஞ்ச் கடையின் கணக்கில், யாரும் கேட்காமல் ஐந்து நாளாகக் கிடந்தது. கடையின் ஆப்போ, முதல் தடவை அனுப்பியதும் போட்ட ‘Paid’டை மாற்றவே இல்லை. திரும்பி வந்த தகவலைப் பார்த்து மாற்றுவது அங்கே ஒரு மனிதர் செய்ய வேண்டிய வேலையாக இருக்கும் போல.

இங்கே அவசரப்பட்டு ஒரு தவறு செய்வார்கள். மாப்பிள்ளையும் செய்யப் பார்த்தார்: “கேன்சல் பண்ணிட்டு என் தினாரைத் திருப்பி வாங்கிக்கறேன், மறுபடி அனுப்பறேன்.” ரத்து செய்தால் ரூபாயைத் தினாராகத் திருப்பி மாற்றுவார்கள். அன்றைய விலைக்கு, அதுவும் கடை வாங்கும் விலைக்கு. முதலில் கட்டிய கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. மறுபடி அனுப்பும்போது இன்னொரு கட்டணம். அதற்குப் பதிலாக, ‘மறு வரவு’ கேட்க வேண்டும். பணம் ரூபாயாகவே இந்தியாவில் இருக்கிறது, விவரத்தைத் திருத்தி அல்லது அதே விவரத்தோடு மறுபடி அனுப்பச் சொன்னால் தொகை குறையாது. வேறு கணக்குக்கு மாற்றச் சொன்னாலும் இதே வழிதான். ஆனால் பெறுகிறவர் பெயரே மாறினால் பல கடைகள் ஒப்புக்கொள்ளாது.

முதலில் கணக்கைச் சரிசெய்துவிட்டுத்தான் மறு வரவு கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு முறை திரும்பும். தங்கை அன்றைக்கே ஆதாரும் பான் அட்டையும் கொடுத்துக் கைரேகை வைத்தாள். வரம்பு நீங்கியதாகக் கிளையில் சொன்ன பிறகு, வியாழக்கிழமை மாப்பிள்ளை கடையில் எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை பணம் வந்தது. அதே 45,000.

வங்கியிலிருந்து வங்கிக்கு நேராக அனுப்பினால்

புதுச்சேரியில் நிறையப் பேருக்குக் கதை வேறு, பிள்ளைகள் பிரான்ஸில் இருப்பார்கள். அங்கிருந்து யூரோவாக வங்கி வழியே வருவது ஸ்விஃப்ட் வழி. இதில் தடுக்கி விழும் முதல் இடம் ஐபான். ஐரோப்பியப் படிவங்கள் அங்கே வங்கிக் கணக்கைக் குறிக்கும் ஐபான் எண்ணைக் கேட்கும், இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. கணக்கு எண்ணும் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடும் கொடுக்க வேண்டும், ஐபான் கட்டத்தில் எதையாவது இட்டுக்கட்டிப் போடக் கூடாது. நம் கிளைக்கென்று தனி ஸ்விஃப்ட் குறியீடு பெரும்பாலும் இருக்காது. சென்னையிலோ மும்பையிலோ உள்ள அந்நியச் செலாவணிக் கிளையின் குறியீட்டைத்தான் தருவார்கள். பணமும் அங்கே போய் ரூபாயாகித்தான் நம் கணக்குக்கு வரும். இந்த வழியில் விடுமுறை நாள் கணக்குக்கு வரும், நடுவில் ஒரு வங்கி தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்வதும் உண்டு.

இன்னொன்று பெயர். நெஃப்டில் பெயரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை என்றேன். ஸ்விஃப்டில் பார்ப்பார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு இது தலைவலி. பாஸ்புக்கில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், மகன் படிவத்தில் எழுதியது வேறு ஏதோ குடும்பப் பெயர். பாஸ்புக்கில் என்ன எழுத்தில் இருக்கிறதோ அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எதற்காக என்ற காரணக் குறியீடும் கேட்பார்கள், குடும்பச் செலவுக்கு என்றால் P1301. இங்கே வங்கி அதைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கும், பதில் போகாததால் பணம் நிற்கும்.

இந்த வழியில் நிற்கும் பணத்தைத் தேட யூடிஆர் உதவாது. அனுப்பிய வங்கியிடம் யூஇடிஆர் என்ற எண்ணைக் கேட்க வேண்டும். நடுவில் கோடுகளோடு சேர்த்து முப்பத்தாறு இடம் இருக்கும். அதை வைத்து அனுப்பிய வங்கி, பணம் எந்த வங்கியில் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியும்.

பணம் நிற்கும் நாட்களில் வரும் போன்கள்

“உங்க வெளிநாட்டுப் பணம் ரிசர்வ் வங்கியில நிக்குது, ஜிஎஸ்டி கட்டினா விடுவிச்சிருவோம்” என்று யாராவது கூப்பிட்டால் உடனே வைத்துவிடுங்கள். தனி மனிதரின் பணத்தை ரிசர்வ் வங்கி பிடித்து வைத்துக்கொண்டு போன் செய்வதில்லை. அந்நியச் செலாவணி மாற்றுக்கு ஜிஎஸ்டி உண்மையிலேயே உண்டு, ஆனால் அதை வங்கியே கழித்துக்கொள்ளும், யாருக்கும் ஜிபே செய்யச் சொல்லாது. பணம் பெற ஓடிபியோ யூபிஐ பின்னோ தேவையில்லை. கொடுத்து ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

வந்த பணத்தையும் ஒரு முறை பாருங்கள். கணக்கு விவரத்தில் அனுப்பியது எக்ஸ்சேஞ்ச் அல்லது வங்கியின் பெயராக இருக்க வேண்டும். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பெயரில், அல்லது இரண்டு மூன்று பேரிடமிருந்து துண்டு துண்டாக வந்திருந்தால், அங்கே பணத்தை வாங்கியவர், வங்கி வழியில்லாமல் சட்டவிரோதமாகப் பணம் கைமாற்றும் உண்டியல் ஆள். அந்த யாரோ ஒருவர் மோசடி வழக்கில் சிக்கினால், எங்கோ வட மாநிலத்து சைபர் போலீஸ் கடிதத்தில் உங்கள் கணக்கு முடங்கும். தினாருக்கு அரை ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று அந்த வழியே போனவர்கள், பிறகு அதைத் திறக்க மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

யாரும் பதில் சொல்லவில்லை என்றால்

யூடிஆர் இருக்கிறது, நம் வங்கி வரவும் வைக்கவில்லை, திருப்பவும் இல்லை என்றால் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். நெஃப்ட் பணத்தைத் தாமதமாக வரவு வைத்தால், தாமதித்த நாட்களுக்கு ரெப்போ வட்டியோடு இரண்டு சதவீதம் சேர்த்து வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்காமலே தர வேண்டியது, ஆனாலும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனுக்கு இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

யூடிஆரே வரவில்லை, பணம் குவைத்துப் பக்கமே நிற்கிறது என்றால் இந்தப் புகார் செல்லாது. அங்கே எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்களைக் கண்காணிப்பது குவைத் மத்திய வங்கி. ரசீதோடு மாப்பிள்ளைதான் அங்கே எழுத வேண்டும்.